ஓடர் ஓடும்போதே இருப்பு எண்ணுவது எப்படி?

திருகோணமலையில் ஒரு மொத்த விநியோகக் களஞ்சியம் என்று வையுங்கள். காலையில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி லொறிகளுக்குச் சாமான் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கும் பத்துத் தட்டுகள் எண்ணும் வேலை.

முதலில், கணினியில் அன்றைய ஓடர்களைப் பாருங்கள். இப்போது சாமான் எடுக்கப்போகும் தட்டுகளைத் தள்ளிவைத்து, ஏற்றி முடிந்த லொறிக்குரிய பக்கத்தை முதலில் எண்ணுங்கள். கவுண்ட் சீட்டில் தட்டு இலக்கமும் பொருளின் பெயரும் போதும். கணினி காட்டும் தொகையை அதில் அச்சடிக்கக் கூடாது. 336 என்று தெரிந்தால், கை தானாகவே 336 இல் போய் நிற்கும்.

எண்ணத் தொடங்கும் நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள். மூடிய பெட்டிகளை ஒரு வரியிலும் உதிரியை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். பின்வரிசைப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். உடைத்து அரைவாசி எடுத்த பெட்டி, முன்னாலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரியும்.

இடையில் ஓடர் எடுப்பவர் வந்தால் விலகி வழிவிடுங்கள். ஓடர் இலக்கத்தையும் எடுத்த தொகையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தத் தட்டை மட்டும் திரும்ப முதலிலிருந்து எண்ணுங்கள்.

இனி ஓர் உதாரணம். டின் மீன், பெட்டிக்கு 24. கணினியில் 336. நீங்கள் எண்ணியது 11 பெட்டியும் உதிரி 18உம், அதாவது 282. குறைவு 54. உடனே பதியாதீர்கள்! கிண்ணியா ஓடருக்கு 48 டின் எடுத்து ட்ரொலியில் நிற்கிறது, இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே தட்டில் இருக்கவேண்டியது:

```
336 - 48 = 288
282 - 288 = -6
```

உண்மையான வித்தியாசம் 6 டின்தான். 54 குறைவென்று பதிந்திருந்தால் கணினி 282 க்கு வரும். பிறகு அந்த ஓடரை உறுதிசெய்தவுடன் 234 ஆகும். தட்டில் 282 டின் இருக்க, கணினி 48 டின்னை மறைத்துவிடும். பிற்பகலில் கடைக்காரருக்கு "ஸ்டொக் இல்லை" என்று பதில் போகும். புதிதாக எண்ணுபவர்கள் அதிகம் விடும் பிழை இதுதான். மறுபக்கமும் உண்டு. வந்திறங்கிய சாமானைக் கணினியில் ஏற்றிவிட்டுத் தட்டில் அடுக்காமல் வாசலில் வைத்திருந்தால் அதுவும் பொய்க் குறைவாகத் தெரியும்.

மிஞ்சிய ஆறைத் தேட பக்கத்துத் தட்டுகளையும் சேதச் சாமான் மூலையையும் பாருங்கள். நெளிந்த ஆறு டின்னை யாரோ சீட்டு எழுதாமல் அங்கே வைத்திருந்தால், அது இருப்புக் குறைவல்ல, இடமாற்றம். "சேதம், 6" என்று அந்தக் காரணத்தோடே பதிய வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னொருவர், உங்கள் தொகையைப் பார்க்காமல், திரும்ப எண்ணட்டும். இருவர் தொகையும் ஒத்துவந்தால் நேரம், ஓடர் இலக்கம், இரு கையொப்பங்களுடன் சீட்டை மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். கணினியில் திருத்துவது அவர் வேலை. லொறி புறப்பட்டு, அந்தப் பொருளுக்குத் திறந்த ஓடர் எதுவும் இல்லாத நேரத்தில் அவர் அதைச் செய்யட்டும்.