காமா 1-க்குக் கீழே இறங்காதபோது எடைகளைச் சரிசெய்த விதம்

சுமைக்குச் சுமை இயல்பு மாறும் மோட்டார் ஒன்றுக்குக் கலப்பு உணர்திறன் முறையில் கட்டுப்படுத்தியை வடிவமைத்தபோது, எடைகள் விதிக்கும் வரம்புகள் எட்டப்பட்டனவா என்பதைக் காட்டும் எண்ணான காமா 1.6-க்குக் கீழே இறங்கவில்லை. இம்முறையில் `S` என்பது பிழை எவ்வளவு எஞ்சுகிறது என்பதையும், `T` என்பது மாதிரியின் பிழைகள் சுற்றை எவ்வளவு பாதிக்கும் என்பதையும் சொல்கின்றன. காமா 1-க்குக் கீழே வந்தால், `W1`, `W3` என்னும் எடைகள் விதிக்கும் `|S| < 1/|W1|`, `|T| < 1/|W3|` ஆகிய இரு வரம்புகளும் நிறைவேறும்.

செயல்திறன் எடையை இவ்வாறு எழுதியிருந்தேன்:

```
W1 = (s/M + wB)/(s + wB*A)
```

`M=2` என்பது `S`-இன் உச்சவரம்பு. `A=0.01` என்பது நிலைநிறை பிழையின் வரம்பு. `wB=40` ரேடியன்/வினாடி என்பது விரும்பிய வேகம். உறுதித்தன்மைக்கான `W3`-ஐ ஊகிக்கக் கூடாது. வெவ்வேறு சுமைகளில் அளந்த அதிர்வெண் மறுமொழிகள் அடிப்படை மாதிரியிலிருந்து விலகும் விகிதத்தைக் கணக்கிட்டு, அவை அனைத்தையும் மேலிருந்து மூடும் வளைவையே எடுக்க வேண்டும். என் வளைவு 15 ரேடியன்/வினாடியிலேயே 2-ஐத் தாண்டியது. `W1`-ஓ ஏறத்தாழ 20 வரை 2-க்கு மேல் நின்றது. இடைப்பட்ட பகுதியில் `S`, `T` இரண்டும் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். `S+T=1` என்பதால் அது எந்தக் கட்டுப்படுத்தியாலும் இயலாது.

அளவீட்டிலிருந்து வந்த `W3`-ஐத் தொடாமல், `wB`-ஐ 6-ஆகக் குறைத்ததும் காமா 1-க்குக் கீழே வந்தது. வேகம் குறைந்தது உண்மைதான். அதற்குமேல் வேண்டுமென்றால் மாதிரியைத்தான் துல்லியமாக்க வேண்டும்.