"எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?": கேள்வியிலேயே நேரும் பிழைகள்

பாட்காஸ்டில் ஒருவர் உங்கள் கடையைப் பற்றிக் கேட்கிறார். இரண்டு வாரம் கழித்துக் கூகுளில் கடையின் பெயரை அடித்து வந்து வாங்குகிறார். டிராக்கிங் கணக்கில் அது 'தேடல்' என்று பதிவாகும். பாட்காஸ்டுக்கு ஒன்றும் சேராது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வாங்கி முடித்ததும் ஒரு கேள்வி கேட்கிறோம். ஆனால் பலர் அதைக் கேட்கிற விதத்தில், டிராக்கிங் சொன்னதே திரும்பி வருகிறது.

"எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால், பாதிப்பேர் 'கூகுள்' என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கடைசியாகச் செய்தது அதைத்தானே. "முதன்முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று கேளுங்கள். அப்போதும் ஒருவர் 'தேடல்' என்றால், "என்ன வார்த்தை போட்டுத் தேடினீர்கள்?" என்று இன்னொரு கேள்வி வரட்டும். கடையின் பெயரையே போட்டிருந்தால், அவர் அதற்கு முன்பே வேறெங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்.

அடுத்தது, பதில்களின் வரிசை. எல்லோருக்கும் ஒரே வரிசையில் காட்டினால், அவசரத்தில் இருப்பவர் மேலே இருப்பதைத் தொட்டுவிட்டுப் போவார். ஆளுக்கு ஆள் வரிசை மாறட்டும். 'வேறு' மட்டும் எப்போதும் கடைசியில், எழுத ஒரு கட்டத்தோடு. அங்கே எழுதுவதை யாராவது உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். நீங்கள் பட்டியலில் சேர்க்க மறந்த வழி அங்கேதான் தலைகாட்டும். பழைய வாடிக்கையாளரிடம் இந்தக் கேள்வியே வேண்டாம், முதல் ஆர்டருக்கு மட்டும் போதும்.

சரி, பதில்கள் வந்துவிட்டன. பெரிய கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கற்பனைக் கணக்கு: மாதம் 1,000 புது ஆர்டர். பாட்காஸ்டில் சொன்ன கூப்பன் கோடு 20 ஆர்டரில் பயன்பட்டிருக்கிறது. 400 பேர் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். அதில் 80 பேர் 'பாட்காஸ்ட்'. உடனே 80 என்பது 20 சதவீதம், ஆகவே 1,000-க்கு 200, கூப்பனையும் சேர்த்தால் 220 என்று போட்டுவிடுவார்கள். இதில் இரண்டு தவறு. கூப்பன் போட்டவர்களில் சிலர் அந்த 80-க்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களை இரண்டு தடவை எண்ணியாயிற்று. பதில் சொல்லாத 600 பேரும் பதில் சொன்னவர்களைப் போலத்தான் என்பதும் வெறும் ஊகம்.

ஆர்டர் எண்ணை வைத்து இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். 80 பேரில் 8 பேர் கூப்பன் போட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சக் கூப்பன் ஆர்டர் 12. அந்த 12 பேரும் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் என்றால் கையில் இருப்பது 92. 200 என்பது ஊகம் பலித்தால் கிடைக்கும் எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த 12-ஐயும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கூப்பன் கோடுகள் தள்ளுபடித் தளங்களுக்குக் கசிவது வழக்கம். பதில் சொன்னவர்களே கேள்வியில் வேறு வழியைத் தொட்டுவிட்டுப் பாட்காஸ்ட் கூப்பனைப் போட்டிருந்தால், கசிந்துவிட்டதா என்று முதலில் அங்கே பாருங்கள்.