சீசன் பாஸ் வாங்குறதுக்கு முன்னாடி லிஸ்ட்டைப் பாருங்க

கேம் ரிலீஸ் ஆன அன்னிக்கே கூட ஒரு சீசன் பாஸும் விப்பாங்க, அதை வாங்கினா கேமுக்கு அப்புறமா தனியா விக்கிற கூடுதல் பகுதிகளான டிஎல்சி எல்லாமே நமக்குத்தான்னு நிறைய பேரு நினைச்சுக்குறாங்க, அப்படி இல்லைங்க. பார்டர்லேண்ட்ஸ் 2 எடுத்துக்கோங்க, 2012ல வந்துச்சு, அதோட சீசன் பாஸ்ல நாலு பெரிய கதை டிஎல்சி உண்டு, ஆனா புதுசா விட்ட கேய்ஜ், க்ரீக் ரெண்டு கேரக்டரும் அதுல கிடையாது, அப்புறம் வந்த ஹெட்ஹன்டர் குட்டி மிஷன்களும் தனிக் காசுதான். இத்தனைக்கும் அது நல்ல பாஸ்னுதான் சொல்லுவேன், ஏன்னா நாலும் முழுசா புது மேப், புது கதை.

அதனால ஸ்டோர் பேஜ்ல பாஸ் பேரைப் பாக்காதீங்க, கீழ உள்ள என்னென்ன இருக்குங்கற லிஸ்ட்டைப் படிங்க. அதுல ஸ்டோரி எக்ஸ்பான்ஷன்னு எண்ணிக்கையோட போட்டிருந்தா ஓகே, வெறும் ஸ்கின், ஆயுதம், "இன்னும் பல"ன்னு இருந்தா கைய வைக்காதீங்க. அவசரம் இல்லைன்னா எல்லா டிஎல்சியும் வந்து முடியட்டும், பெரும்பாலும் ஒரு வருஷம் கழிச்சு கேம் ஆஃப் தி இயர் எடிஷன்னு மொத்தமா சேர்த்தே விப்பாங்க, பார்டர்லேண்ட்ஸ் 2க்கு 2013லயே வந்துச்சு, அதுல அந்த ரெண்டு கேரக்டரும் சேர்த்தியே இருந்தாங்க.