இயர்பட்ஸ் போட்டால் காது அரிக்கிறதா? இந்த வரிசையில் செய்து பாருங்கள்

வேலை நேரம் முழுக்க இயர்பட்ஸ் போட்டிருப்பவன் நான். கொஞ்ச நாளாக வலது காதில் மட்டும் அரிப்பு, சத்தமும் லேசாக மந்தம். ஈ.என்.டி. மருத்துவரிடம் காட்டினேன். தொற்று இல்லை, குறும்பியும் ஈரமும்தான் காரணம் என்றார். அதற்குப் பிறகு நான் செய்து பலன் கண்ட முறை இது.

1. கோளாறு காதிலா, பட்ஸிலா?

வலது பட்ஸை இடது காதின் வாயில் வைத்துக் கேளுங்கள். அங்கேயும் மந்தமாகக் கேட்டால் பட்ஸின் வலையில் அழுக்கு அடைத்திருக்கிறது. அங்கே நன்றாகக் கேட்டு வலது காதில் மட்டும் மந்தமென்றால் அடைப்பு காதில்தான்.

குறும்பி தானாகவே வெளியே வரக்கூடியது. காதுக் குழாயின் தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், குறும்பியும் அதோடு நகர்ந்து வரும். மணிக்கணக்கில் பட்ஸ் வாயை அடைத்திருந்தால் அது வெளியேற வழியில்லாமல் தேங்கும். பட்ஸைச் செருகும்போது கொஞ்சம் உள்ளேயும் தள்ளப்படும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் அதைத்தான் செய்கிறது, தோலையும் கீறிவிடுகிறது. அரிக்கிறது என்று குடைந்தால் கீறல் விழும், கீறலில் ஈரம் பட்டால் இன்னும் அரிக்கும். முதலில் அந்தக் குச்சியை விட்டுவிடுங்கள்.

2. பட்ஸைச் சுத்தம் செய்தல்

சிலிக்கான் முனைகளைக் கழற்றி வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவுங்கள். தினமும் நீண்ட நேரம் போடுபவர்கள் வாரம் ஒருமுறையாவது செய்ய வேண்டும். வலைப் பகுதியில் நீர் படக்கூடாது. வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷால் தட்டித் தட்டித் துடைத்தால் துகள்கள் வெளியே விழும். மேல்நோக்கிப் பிடித்தால் எல்லாம் உள்ளே போய்விடும். ஊசியால் குத்த வேண்டாம்.

3. காய வைத்தல்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சிலிக்கான் முனையை வெளியே துடைத்தால் காய்ந்துவிட்டது போலவே தெரியும். ஆனால் அதன் உள்மடிப்பில், குழாயைச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே மாட்டிக் கேஸில் வைத்து மூடினால் ஈரம் போக வழியில்லை. மறுநாள் அது நேரே காதுக்குள் போகும். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் நன்றாக வளரும்.

அதனால் முனையின் ஓரத்தைக் குடையை மடக்குவதுபோல் பின்பக்கம் திருப்பி, உள்பக்கத்தையும் துடைத்து, இரவு முழுக்க வெளியில் வையுங்கள். இரண்டு ஜோடி முனைகள் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஃபோம் முனைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சத்தத்தை நன்றாக அடைக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், சரியாகக் கழுவவும் முடியாது.

காதுக்கும் இதே விதிதான். குளித்தவுடன் பட்ஸ் போடாதீர்கள். தலையைச் சாய்த்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் நீர் வடியும். துண்டால் வெளிப்பக்கத்தை மட்டும் ஒற்றி, காது தானாகக் காய விடுங்கள்.

4. இடைவேளை

மணிக்கு ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் கழற்றி வைத்தால் காதுக்குள் காற்று போகும். மீட்டிங்குகளுக்குக் காதை மூடி உட்காரும் ஹெட்ஃபோன்தான் என் தேர்வு, அது குழாய்க்குள் நுழைவதில்லை. இரைச்சலுள்ள இடத்தில் சத்தத்தைக் கூட்டாமல் இரைச்சல் நீக்கும் வசதியைப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

5. எப்போது மருத்துவர்?

காது வாயை ஒட்டி முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டை அழுத்துங்கள், அல்லது மடலை இழுத்துப் பாருங்கள். வலித்தால் அது வெறும் குறும்பியாக இருக்க வாய்ப்புக் குறைவு, வெளிக்காதில் தொற்று இருக்கலாம். சீழோ நீரோ வடிந்தாலும் அப்படியே. பட்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது, தொற்று எலும்புவரை பரவக்கூடும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம், அன்றைக்கே காட்டுங்கள்.

பிற்சேர்க்கை: ஆலிவ் எண்ணெய் விடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குறும்பி இறுகியிருந்தால் இரண்டு மூன்று சொட்டு விட்டுச் சில நாள் ஊற வைக்கலாம். ஆனால் வலி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, முன்பு காதில் அறுவை சிகிச்சை, இதில் எது இருந்தாலும் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொருவருக்கு எல்லாம் செய்தும் அரிப்பு போகவில்லை. முனை தொடும் வட்டத்தில் மட்டும் தோல் சிவந்து உரிந்தால் அந்தப் பொருள் ஒவ்வாமல் இருக்கலாம். இரண்டு வாரம் பட்ஸே போடாமல் இருந்து பாருங்கள். அரிப்பு அடங்கி, போட்டதும் திரும்ப வந்தால் வேறு பொருளால் ஆன முனைக்கு மாறுங்கள். போடாமல் இருக்கும்போதும் அரித்தால் பூஞ்சையா, தோல் நோயா என்று மருத்துவர் உள்ளே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.