போர்ட்ஃபோலியோ தளம்: இதில் உங்கள் வேலை எது?

அம்பத்தூரில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டும் ஒருவர், தன் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு லேபிள் போட ஆள் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் ஒருவர் ஒரு டிசைனரின் தள இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பக்கத்தில் செக்கு ஓடிக்கொண்டிருக்க, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அவர் அதைத் திறக்கிறார். அந்த டிசைனருக்குக் கிடைத்திருப்பது அரை நிமிடம். அதற்குள் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவரிடம் என் பாட்டிலைக் கொடுக்கலாமா?

புதிதாக டிசைன் தொழிலுக்கு வருபவர்களின் தளங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எழுத்துப்பிழை, கண்ணைக் கூசும் நிறம் போன்றவற்றை யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். யாரும் சுட்டிக்காட்டாமல் வேலையை இழக்க வைக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

படத்தை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தருவது இதுதான். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதும், ஒவ்வொரு முறையும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

தளத்தில் அழகான ஒரு மசாலா பாக்கெட்டின் படம் இருக்கும். கீழே ‘பேக்கேஜிங் டிசைன், 2023’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். பார்ப்பவருக்கு என்ன தெரியும்? லோகோ ஏற்கெனவே கடைக்காரரிடம் இருந்ததா, நீங்கள் வரைந்ததா? மிளகாய்ப் படத்தை எடுத்தது யார்? பிரஸ்ஸுக்குப் போன கோப்பைத் தயாரித்தது நீங்களா, பிரஸ்ஸில் இருந்தவரா? மூன்று பேர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் பங்கு தெரியாவிட்டால், அந்நியர் அதைக் குறைத்துத்தான் மதிப்பிடுவார். கூட்டித் தர அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

இதைச் சரிசெய்ய நீண்ட கட்டுரை தேவையில்லை. படத்தின் கீழ் நான்கு விஷயங்கள் போதும்: என்ன கேட்டார்கள், எது கையைக் கட்டியது, நீங்கள் என்ன செய்தீர்கள், மற்றவர்கள் என்ன செய்தார்கள். கடலை எண்ணெய் பாட்டில் ஒன்றை வைத்தே எழுதிப் பார்க்கலாம்:

‘ஒரு லிட்டர் பாட்டில், குறுக்களவு 80 மி.மீ., சுற்றளவு சுமார் 251 மி.மீ. எண்ணெயின் நிறம் வெளியே தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அதனால் லேபிளின் அகலத்தை 210 மி.மீ.-இல் நிறுத்தி, பின்னால் சுமார் 40 மி.மீ. இடைவெளி விட்டேன். பாட்டில் வளைவாக இருப்பதால் எதிரே நிற்பவருக்கு முழுப் பெயரும் தெரியவேண்டி, பெயரை நடுவே 75 மி.மீ.-க்குள் அடக்கினேன். எண்ணெய்க் கசிவில் காகிதம் கறைபடும் என்பதால் பிளாஸ்டிக் ஸ்டிக்கரைப் பரிந்துரைத்தேன். எழுத்து அமைப்பு, வண்ணம், அச்சுக் கோப்பு என்னுடையவை. லோகோ அவர்களிடம் முன்பே இருந்தது. புகைப்படம் வேறொருவர் எடுத்தது.’

இதைப் படிக்கும் எண்ணெய்க்காரருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. தன் பாட்டிலில் நேற்றுப் பார்த்த கறை நினைவுக்கு வரும். கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கப் பலரும் தயங்குகிறார்கள். லோகோ தன்னுடையதல்ல என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயம். நடப்பது நேர்மாறு. எது தன்னுடையதல்ல என்று சொல்பவர், தன்னுடையது என்று சொல்லும் மற்றதையும் நம்ப வைக்கிறார்.

பார்ப்பவர் தானே சோதித்துப் பார்க்க ஓர் இடமும் கொடுங்கள். தமிழ் லேபிளுக்கு அது எழுத்து. டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைத் தேர்வுசெய்யாமல் விட்டால் ‘எண்ணெய்’ என்ற சொல்லில் கொம்பு ‘ண’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே அச்சாகிக் கடைக்கு வந்த பாக்கெட்டுகளைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர். அதனால் முழு பாட்டில் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லையும், 14 இலக்க உணவு உரிம எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, நிகர எடை, விலை இருக்கும் பின்பக்கத்தையும் நெருக்கமாக எடுத்த ஒரு படம் வையுங்கள். முன்பக்கத்தை யாரும் அழகாக்கிவிடலாம். பின்பக்கத்தின் சின்ன எழுத்து வாசிக்கும்படி இருக்கிறதா என்பதில்தான் வேலை தெரிந்தவர் யார் என்பது புலப்படும்.

இன்னொன்று, ‘மாக்கப்’. இணையத்தில் கிடைக்கும் வெற்று பாட்டில் படத்தில் லேபிளை ஒட்டிக் காட்டுவது. அது தவறில்லை. ஆனால் அச்சாகாத வேலை என்றால் ‘பயிற்சிக்காகச் செய்தது’ என்று எழுதிவிடுங்கள். அச்சானது என்றால், கடை அலமாரியில் நிற்கும் உண்மையான பாட்டிலைப் போனில் எடுத்துப் போடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த சுமாரான படம்கூட மாக்கப்பைவிட அதிகம் நம்ப வைக்கும். நிறம் ஸ்டிக்கரில் எப்படி இறங்கியது என்பதை அது மட்டுமே காட்டும்.

இப்படி எழுத நான்கைந்து வேலைகள் போதும். இருபது வைத்தால் பார்ப்பவரின் கண் மிகச் சுமாரான ஒன்றில் போய் நிற்கக்கூடும். அதை வைத்தே உங்களை எடைபோட்டுவிடுவார்.

டிரைவ் இணைப்பு

வேலைகளைக் கூகுள் டிரைவில் போட்டு, தளத்தில் இணைப்பை மட்டும் கொடுக்காதீர்கள். அனுமதி கேட்கும் திரை வந்தால் அந்நியர் திரும்பிப் போய்விடுவார். உங்கள் கணினியில் நீங்கள் எப்போதும் உள்நுழைந்தே இருப்பதால் அந்தத் திரை உங்களுக்குத் தெரியாது. இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வெறும் நீல வரி

இங்கே இணைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான் கைமாறுகிறது. தளத்தைத் திறப்பதற்கு முன்பே வரும் சின்னப் படமும் தலைப்பும்தான் முதல் பார்வை. அது வராமல் வெறும் முகவரி மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதியில் இந்த வரிகள் இல்லை என்று பொருள்:

```html
<meta property="og:title" content="உணவுப் பொருள் லேபிள் வடிவமைப்பு, சென்னை">
<meta property="og:description" content="எண்ணெய், மசாலா, ஊறுகாய்: அச்சுக் கோப்பு வரை">
<meta property="og:image" content="https://example.com/label.jpg">
```

பட முகவரி `https://` என்று தொடங்கும் முழு முகவரியாக இருக்க வேண்டும். வெறும் `label.jpg` என்று கொடுத்துவிட்டுப் படம் வரவில்லை என்று தேடுவது வழக்கமான சிக்கல். படத்தின் அளவு 1200க்கு 630 பிக்சல், எடை 300 கிலோபைட்டுக்குள் இருந்தால் தொல்லை இருக்காது. இந்த வரிகள் பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகு சேர்க்கப்பட்டால் முன்னோட்டம் தயாரிக்கும் நிரல் அதைப் பார்க்காது. தலைப்பில் உங்கள் பெயரைவிட நீங்கள் செய்யும் வேலை முதலில் வரட்டும். அந்நியருக்கு உங்கள் பெயர் இன்னும் எதையும் சொல்லாது.

கேமராவிலிருந்து நேராக ஏற்றிய படம்

ஒரு படம் 6 எம்பி, பக்கத்தில் எட்டுப் படம் என்றால் மொத்தம் 48 எம்பி. மின்ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது திறப்பவர் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பார். நீளப்பக்கம் 1600 பிக்சலாகக் குறைத்து WebP வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 300 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறங்கள்.

‘விரைவில் வரும்’ பக்கங்கள்

எடுத்துவிடுங்கள்.

உங்களைத் தெரிந்தவரிடமே கருத்துக் கேட்பது

நண்பர் ‘சூப்பர்’ என்றுதான் சொல்வார். உங்கள் தொழிலில் இல்லாத ஒருவரிடம், வீட்டருகே கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம்கூட, போனைக் கொடுத்து அரை நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு போனை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இவர் என்ன வேலை செய்பவர்? அந்த பாட்டிலில் இவர் செய்தது எது? இவரை எப்படித் தொடர்புகொள்வது? இரண்டாவது கேள்விக்கு அவர் ‘பாட்டிலா செய்றாரு?’ என்று கேட்டால், படத்தைத் தொடாதீர்கள். அதன் கீழே உள்ள வரிகளைத் திருத்தி எழுதிவிட்டு, வேறொருவரிடம் போனைக் கொடுங்கள். முதலாமவருக்குத்தான் பதில் இப்போது தெரிந்துவிட்டதே.