தினமும் ‘வா, இறக்கி விட்டுடறேன்’ என்பவரை மனம் கோணாமல் மறுப்பது எப்படி?

கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, குரோம்பேட்டையில் வீடு. கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு வண்டலூர், ஜிஎஸ்டி சாலையில் எங்கள் ஏரியா வழியாகத்தான் அவர் கார் போகும், அதனால் சாயங்காலமானால் கூப்பிட்டுவிடுவார். எனக்கோ ரயில்தான் பிடிக்கும். நிஜமான அன்பில் கூப்பிடுகிற ஆளுக்கு மட்டும்தான் கீழே உள்ள முறை.

1. காரணத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘கொஞ்சம் வேலை இருக்குண்ணே’ என்றால் ‘முடிச்சிட்டு வா, நான் இருக்கேன்’ என்பார். ‘பல்லாவரத்துல காய் வாங்கணும்’ என்றால் ‘நிறுத்தறேன், எனக்கும் தக்காளி வேணும்’ என்பார். ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்பது இருப்பதிலேயே மோசம், ‘போற வழிதானேப்பா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தீர்த்து வைக்கக்கூடிய காரணத்தைச் சொன்னால் நல்ல மனிதர் அதைத் தீர்த்து வைக்கத்தான் பார்ப்பார். சீசன் டிக்கெட்டைக் காட்டலாம், ஆனால் மாதக் கடைசியில் ‘அடுத்த மாசம் எடுக்காதே’ என்று வரும். காரில் போனால் குமட்டும் என்று கதை விட்டால், ஆபீஸ் வேனில் மகாபலிபுரம் போகிற அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

ஆகவே காரணம் தினமும் உண்மையாக இருக்க வேண்டும், உங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும், கார் இருந்தாலும் தீராததாக இருக்க வேண்டும். என்னுடையது: ரயிலில் யாரோடும் பேசாமல் பாட்டு கேட்டுக்கொண்டு போவது.

2. அதை டீ நேரத்தில் சொல்லுங்கள்

கிளம்பும்போது சொல்லாதீர்கள். அப்போது அவர் கையில் சாவி இருக்கும், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் மூஞ்சியில் அடித்த மாதிரி ஆகிவிடும். நாலு மணி டீக்கு நீங்களே அவரைக் கூப்பிட்டு, வேறு ஏதோ பேசுகிற நடுவில் சொல்லுங்கள். நான் சொன்னது இதுதான்:

‘அண்ணே, நீங்க தினமும் கூப்பிடறீங்க, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ரயில்ல பாட்டு கேட்டுக்கிட்டே போனாத்தான் ஆபீஸ் தலையை விட்டு இறங்குது. வீட்டுக்குப் போய் புள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழாம இருக்கேன். அதான் வரலை, வேற ஒண்ணும் இல்லை.’

‘கார்ல பாட்டு போடறேன்ப்பா’ என்றார். ‘நீங்க பக்கத்துல இருந்தா நான் பேசாம வருவேனா?’ என்றேன். சிரித்துவிட்டார். அவர் கார் மேல் குறை இல்லை, அவர் மேலும் குறை இல்லை என்பது புரிந்தால் போதும்.

3. மறுபடியும் கேட்பார்

கேட்பார்தான். பந்தியில் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி நீட்டுவார்களே, அந்த உபசாரம். புதுக் காரணம் தேடாதீர்கள், பழையதையே சுருக்கி ‘நம்ம ரயிலுதாண்ணே, பார்த்துப் போங்க’ என்றால் முடிந்தது. பேசிக்கொண்டே கார் வரை மட்டும் போகாதீர்கள். அவர் முன் சீட்டில் இருக்கும் பையை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டால், அதற்கு மேல் மறுக்க வாய் வராது. வருகைப் பதிவு மெஷின் பக்கத்திலேயே கும்பிடு போட்டுவிடுங்கள். அப்புறம், அவர் பார்க்க இன்னொருவர் பைக்கில் ஏறிப் போவது கூடவே கூடாது.

4. மழை நாள்

ஐப்பசி மழையில் வீம்பு வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள். ஏறும்போதே ‘மழைக்காகத்தான்ண்ணே, நாளைக்கு மறுபடி ரயில்’ என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிடும். பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் அவருக்கு வருத்தம்தான் வரும். மறுநாள் டீயும் பஜ்ஜியும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: ‘ஸ்டேஷன் வரைக்குமாவது’ என்று கேட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எப்போதாவது சரி என்று சொல்லலாம், அவருக்கும் ஒரு திருப்தி. ஆனால் எங்கே இறங்குவீர்கள் என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் வண்டி கத்திப்பாரா பாலம் ஏறிவிட்டால் குரோம்பேட்டை வரை கார்தான்.

இன்னொன்று: கேட்பவர் மேலதிகாரி, கேட்கும் விதமும் சரியில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தார். மேலே சொன்ன எதுவும் அங்கே பொருந்தாது. காரணமே சொல்ல வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ‘எனக்கு லிஃப்ட் வேண்டாம் சார், இனிமேல் கேக்காதீங்க’ என்று மெசேஜிலேயே அனுப்புங்கள், அழிக்காமல் வைத்திருங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பிறகும் தொடர்ந்தால் அந்த மெசேஜோடு அங்கே போங்கள்.