பூசணி இலையில் வெள்ளையைக் கண்டால்: மருந்துப் போத்தலைத் திறக்க முதல்

மார்கழி மழை ஓய்ந்து தைப்பனி இறங்கத் தொடங்கினால், பூசணிக் கொடி ஓடுகிற வன்னி வளவுகளில் ஒரே கதைதான். விடியக் கிணற்றடிக்குப் போனால் அடியிலைகளில் யாரோ மா அரித்துக் கொட்டிவிட்டுப் போனதுபோல வெள்ளை. அடுத்த நாள் இன்னும் நாலு இலை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கடைக்குப் போய் "பூசணி இலையில வெள்ளை, ஏதும் மருந்து தாங்கோ" என்று கேட்டு ஒரு போத்தலோடு திரும்பி வருவார்.

பிழை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. "வெள்ளை" என்று ஒரு நோய் இல்லை. பூசணி இலையில் வெள்ளையாகத் தெரிகிறது பூஞ்சணமாக இருக்கலாம், பூச்சி கழற்றிப் போட்ட சட்டையாக இருக்கலாம், இலையின் பிறவி நிறமாகக்கூட இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே போத்தலை அடித்தால் இரண்டில் காசு வீண், சிலவேளை காயும் வீண்.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். இரணைமடு வாய்க்காலுக்குக் கிட்டவுள்ள எங்கள் வளவில் ஒரு வருடம் பன்னிரண்டு குழி பூசணி போட்டிருந்தேன். தை நடுவில் அடியிலைகள் வெளுத்தன. ஒரு கடைக்காரர் தந்த பூச்சிநாசினியை விடியக்காலை ஆறரைக்கு, பூ விரிந்திருக்கிற நேரம், இலை நனைய நனைய அடித்தேன். வெள்ளை அப்படியே இருந்தது. தேனீதான் ஒரு கிழமையாக வரவில்லை. பூசணியின் பெண்பூ ஒரேயொரு காலைக்குத்தான் விரியும், வெயில் ஏற மூடிவிடும். அந்தக் காலையில் தேனீ வராவிட்டால் பூவுக்குக் கீழே இருக்கிற பிஞ்சு சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். அந்தக் கிழமை விரிந்த பூக்கள் எல்லாம் அப்படித்தான் போயின. இலையில் இருந்தது பூஞ்சணம். நான் அடித்தது பூச்சி மருந்து.

முதலில் பிறவி வெள்ளையைத் தள்ளிவைப்போம், அது சுலபம். எங்கள் பக்கத்து நாட்டுப் பூசணியின் இலையில், நரம்புகள் பிரிகிற மூலைகளில் வெள்ளிநிறத் திட்டுகள் இருக்கும். இலையின் மேற்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைக்கும் நடுவில் காற்று தங்கியிருப்பதால் வருகிற நிறம் அது. விரலால் தேய்த்தால் எதுவும் ஒட்டாது. பிஞ்சு இலையிலிருந்து முற்றின இலை வரை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, ஒழுங்காக இருக்கும். பக்கத்து வளவுத் தம்பி ஒருமுறை இதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்து, "அண்ணை, பரவுது" என்றார். பரவவில்லை, கொடி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனிச் சிக்கலான இரண்டுக்கு வருவோம்.

பூஞ்சணத்தை அதிகாரிகள் தூள் பூஞ்சண நோய் என்பார்கள், தமிழ்நாட்டில் சாம்பல் நோய் என்கிறார்கள். அந்த வெள்ளைத் தூள் முழுக்கப் பூஞ்சண நூலும் அதன் வித்திகளும்தான். இலைக்கு மேலேயே படர்ந்து, நுண்ணிய உறிஞ்சிகளைத் தோலுக்குள் மட்டும் இறக்கிச் சாற்றை எடுக்கும். மற்றப் பல பூஞ்சணங்களுக்கு வேண்டியதுபோல இதற்கு இலையில் தண்ணீர் நிற்கத் தேவையில்லை. பகலில் காய்வும் இரவில் ஈரப்பதமும் போதும். பெருமழை உண்மையில் இதற்கு ஆகாது, வித்தியைக் கழுவிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் காணாத வெள்ளை மழை விட்ட பிறகு தலைகாட்டுவது அதனால்தான்.

இதன் நடத்தை ஒழுங்கானது. சின்ன வட்டமாகத் தொடங்கும், வட்டங்கள் பெருத்து ஒன்றோடொன்று சேரும். முதலில் வருவது அடியில், நிழலில் கிடக்கிற முதிர்ந்த இலைகளில். இலையின் மேலும் கீழும், சிலவேளை இலைக்காம்பிலும் தண்டிலும் இருக்கும். விரலால் தடவினால் மாவாக வரும், பிசுபிசுப்பு இருக்காது.

பூச்சியின் மிச்சம் வேறு விதம். அழுக்கணவன் வளரும்போது பாம்பைப்போலச் சட்டை கழற்றும், பெரிதாகுமுன் நாலு தரம். கழற்றிய சட்டை வெள்ளையாக, பாரமில்லாமல், கீழே உள்ள இலையில் விழுந்து கிடக்கும். பூசணி இலையோ சுணை நிறைந்தது, விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறடி உயரத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். குனிந்து பார்த்தால் வட்டம் கிடையாது, உப்புத் தூவினதுபோலத் தனித்தனித் துணுக்கு. இலையின் மேற்பக்கத்தில் மட்டும் கிடக்கும். வாயால் ஊதினால் பாதி பறக்கும். பறக்காமல் ஒட்டியிருக்கிற மீதியைத் தொட்டுப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும். அழுக்கணவன் கழிக்கிற இனிப்பு நீர் அது. சில நாள் போனால் அந்த இனிப்பில் கரிபோல ஒரு கறுப்புப் பூஞ்சணம் வளரும், எறும்பும் வரிசை கட்டும்.

கண் மங்கலானவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒட்டுகிற கண்ணாடி ரேப்பில் ஒரு துண்டு வெட்டி வெள்ளையின் மேல் அழுத்தி எடுத்து, கறுப்புக் காகிதத்தில் ஒட்டுங்கள். கைத்தொலைபேசியின் கமராவை எவ்வளவு பெருப்பிக்க முடியுமோ அவ்வளவு பெருப்பித்துப் பாருங்கள், பத்து மடங்கு காட்டுகிற உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நல்லது. பூஞ்சணம் என்றால் வெறும் மாவுப் படலம். சட்டை என்றால் கால்கள் தெரியும். உள்ளே ஒன்றுமில்லாத, ஆறு காலோடு கிடக்கிற கூடு. ஒருமுறை பார்த்தவருக்குப் பிறகு மாறாட்டம் வராது.

அதிலும் நிச்சயமில்லை என்றால், ஒரு இலைக்காம்பில் நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். ஈரத்துணியால் அந்த இலையை மட்டும் மேலும் கீழும் துடைத்துவிட்டு ஒரு கிழமை பொறுங்கள். பூஞ்சணம் என்றால் துடைத்த இடத்திலேயே மீண்டும் வட்டம் பூக்கும். சட்டை என்றால் வேறு வேறு இடத்தில் புதுத் துணுக்கு விழுந்திருக்கும்.

போன வருடம் எங்கள் வளவிலேயே இரண்டும் ஒன்றாக வந்தன. கிணற்றடி முருங்கை நிழலில் ஓடிய கொடியில் வட்ட வட்டமாக மாவு. அதைப்பற்றிச் சந்தேகமில்லை. வேலியோரக் கொடியிலும் வெள்ளை, ஆனால் அங்கே காலையிலிருந்து நல்ல வெயில். இலையைப் புரட்டினேன், கீழே ஒன்றுமில்லை. அழுக்கணவனும் இல்லை, வெள்ளை ஈயும் இல்லை, கீழ்ப்பக்கம் சுத்தப் பச்சை. மேலே மட்டும் துணுக்கு, பளபளப்பு, எறும்பு. பூச்சி இல்லாத இலையில் பூச்சியின் சட்டை எப்படி வந்தது? அரைமணித்தியாலம் குழம்பி நின்றபோது தோளில் ஏதோ ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தால் பயற்றங்கொடிப் பந்தல். பயற்றையின் நுனி முழுக்கக் கறுப்பு அழுக்கணவன் தார் பூசினதுபோல அப்பியிருந்தது. பூச்சி கறுப்பு என்றாலும் சட்டை வெள்ளைதான். பயற்றை இனத்தில்தான் அதற்கு விருப்பம், பூசணியில் அது குடியிருக்காது. பூசணி அதன் குப்பைக்கூடை, அவ்வளவே. பூசணிக்கு அன்று தேவைப்பட்ட மருந்து ஒன்றுமில்லை. பயற்றையின் அப்பிய நுனிகளைக் கிள்ளி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன், மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று தரம்.

அதனால் இலையைப் புரட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், அதற்கு மேலே என்ன நிற்கிறது என்றும் பாருங்கள். பூசணியிலேயே குடியிருக்கிற பச்சை, மஞ்சள் நிற அழுக்கணவன் வேறு இருக்கிறது. அது இலையின் கீழ்ப்பக்கம் கூட்டமாக இருக்கும், இலை கீழ்நோக்கிச் சுருளும். அது வைரசு நோயைக் கொடிக்குக் கொடி கடத்தும் என்பதால் அதைச் சும்மா விட முடியாது. பங்கசுநாசினி அடித்து அது போகும் என்று இருந்துவிடவும் கூடாது.

வெள்ளை ஈயைப் பற்றி ஒரு சொல். கொடியை அசைத்தால் புகைபோலக் கிளம்புவது அதுதான். அதன் குஞ்சுகள் முதிர்ந்த இலையில் சாறு உறிஞ்ச, புதிதாக வருகிற இலைகள் நரம்போடு சேர்ந்து வெள்ளிபோல மினுங்கும். பிறவித் திட்டு நரம்பு மூலையில் நிற்கும், இது நரம்பு வழியே ஓடி இலை முழுவதும் பிடிக்கும். இரண்டுமே தேய்த்தால் வராது என்பதால் கவனம் தேவை.

சரி, பூஞ்சணம்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த பிழை, உடனே கந்தகத்தைக் கையில் எடுப்பது. காய் பருத்து, காம்பு முற்றுகிற நேரத்தில் அடியிலை வெளுத்தால் அதை நான் தொடுவதேயில்லை. அந்த இலை எப்படியும் போகிற இலை. அந்தக் கொடியின் காயைச் சமைத்துச் சாப்பிடவும் தடையில்லை. பூ வருமுன்னரே வெள்ளை ஏறினால், அல்லது நடுக்கொடி வரை வந்துவிட்டால், அது சும்மா விடுகிற விஷயமல்ல. இலை மஞ்சளாகிக் கருகும், காய் சிறுக்கும், இனிப்புக் குறையும். அப்போது மோசமான அடியிலை இரண்டு மூன்றை மட்டும் வெட்டுங்கள். நனையும் கந்தகத்தைப் பெட்டியில் எழுதியிருக்கிற அளவில், பொழுதுபட அடியுங்கள். வெப்பம் 32 பாகைக்கு மேல் ஏறுகிற நாட்களில் கந்தகம் பூசணி இலையைச் சுட்டுவிடும். வன்னியில் மாசி கடந்தால் மத்தியானத்தில் அது சாதாரணம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள்ளும் கந்தகம் வேண்டாம். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கிழமைக்கு ஒருமுறை அடிப்பதும் ஆரம்பத்தில் பலன் தரும். இப்போதைய பால் விலையில் நாலு கொடிக்கு மேல் கட்டுபடியாகாது.

வெள்ளை பட்ட இலையையெல்லாம் ஒரேயடியாக உரித்துவிடுவது கந்தகத்தைவிடக் கெட்ட பழக்கம். நிழல் போனால் காய் வெயிலில் வெந்து, பட்ட பக்கம் வெளிறிப் பிறகு அழுகும். எங்கள் அம்மா அப்படி வெயில் தின்ற காய்களின் மேல் வைக்கோல் போட்டுவிடுவார்.

இன்னொன்று. பூஞ்சணம் பிடித்த இலையில் முதுகுச் சிறகில் புள்ளியில்லாத, மஞ்சள்நிறச் சின்ன வண்டு ஓடினால் நசுக்க வேண்டாம். அது இலையைத் தின்ன வரவில்லை, அந்த மாவைத்தான் மேய்கிறது. முதுகு நிறையக் கறுப்புப் புள்ளியோடு, இலையைச் சுரண்டி வலையாக்குகிற செம்மஞ்சள் வண்டு வேறு. அதைப் பிடித்து மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடலாம்.